நம்ம கடைக் காபித்தூள் வாங்கும் வீடுகளுக்கு ஒரு புத்தாண்டு மடல்

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு,

2026 பிறக்கிறது.

ஒவ்வொரு ஆண்டும் ஜனவரி முதல் தேதி கால் கிலோ பொட்டலத்தோடு ஒரு காலண்டர் கொடுப்பது அப்பா காலத்து வழக்கம். இந்த ஆண்டு காலண்டரோடு இந்த மடலையும் வைக்கிறேன். போன ஆண்டு உங்களிடம் விலை ஏற்றினேன். ஒரு தடவை கெட்ட தூள் விற்றேன். இரண்டையும் கல்லாவில் நின்றபடி அரைகுறையாகத்தான் சொல்ல முடிந்தது. பின்னால் நாலு பேர் நிற்கும்போது யாரிடமும் எதையும் விளக்க முடியாது. அதனால் உட்கார்ந்து எழுதுகிறேன்.

முதலில் விலை. மயிலாடுதுறையில் விற்கும் காபித்தூளுக்கும் பிரேசிலில் மழை பெய்யாததற்கும் என்ன சம்பந்தம் என்று கேட்டவர்கள் நிறைய. நியாயமான கேள்வி. அப்பா 1974இல் இந்தக் கடையைத் திறந்தபோது அந்தச் சம்பந்தம் இந்த அளவுக்கு இல்லை. தோட்டக்காரர்கள் விளைந்த கொட்டையைக் காபி போர்டின் பொதுத் தொகுப்புக்குத்தான் கொடுக்க வேண்டும். அங்கிருந்துதான் அது வெளியே வரும். 1990களில் அந்த ஏற்பாடு எடுக்கப்பட்டது. தோட்டக்காரர் யாருக்கும் விற்கலாம் என்று ஆனது. அது அவர்களுக்கு நல்லதுதான், அதில் எனக்குக் குறை இல்லை. ஆனால் நம் நாட்டில் விளையும் காபியில் பெரும்பகுதி ஏற்றுமதியாகிறது. வெளிநாட்டுக்காரன் என்ன விலைக்கு எடுக்கிறானோ, அதே விலையை நானும் கொடுத்தால்தான் சிக்மகளூரிலிருந்தும் வயநாட்டிலிருந்தும் மூட்டை இங்கே வரும்.

2024இல் பிரேசிலில் கடும் வறட்சி. அதே ஆண்டு ரோபஸ்டா அதிகம் விளைகிற வியட்நாமிலும் வறட்சி. உலகின் முதல் இரண்டு காபி நாடுகளும் ஒன்றாக அடிபட்டன. லண்டன் சந்தையில் ரோபஸ்டா டன்னுக்கு 5,000 டாலரைத் தாண்டியது. நியூயார்க்கில் அராபிகா 1977இல் தொட்ட உச்சத்தை 2024 டிசம்பரில் கடந்தது. 2025 பிப்ரவரியில் ஒரு பவுண்டு, அதாவது நம் அரைக் கிலோவுக்குச் சற்றுக் குறைவு, 4 டாலருக்கு மேலே போனது. மொத்த வியாபாரியிடம் காலையில் ஒரு விலை கேட்டுவிட்டு, வீட்டில் பேசிவிட்டுச் சாயங்காலம் கூப்பிட்டால் வேறு விலை சொன்னார். ஐம்பத்தொரு ஆண்டுக் கடையில் அப்படி ஒரு பிப்ரவரியை நான் பார்த்ததில்லை.

இப்படி விலை ஏறும்போது காபிக் கடைக்காரன் முன்னால் இரண்டு வழி இருக்கும். ஒன்று, விலையை ஏற்றுவது. இன்னொன்று, விலையை அப்படியே வைத்துக்கொண்டு சிக்கரியை ஏற்றுவது. இரண்டாவது வழியின் கணக்கை உங்களுக்கு ஒரு தடவையாவது பிரித்துக் காட்ட வேண்டும் என்று நெடுநாளாக நினைத்திருக்கிறேன்.

கணக்கு எளிதாக இருக்க, பச்சைக் கொட்டை கிலோ 600 ரூபாய் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதை வறுத்தால் கிலோ கிலோவாகவே கிடைக்காது. கொட்டைக்குள் இருக்கும் ஈரம் போகும், மேல்தோல் உமியாக உதிரும், கொஞ்சம் ஆவியாகப் புகையும். நம்ம கடை வறுவலுக்கு ஒரு கிலோ பச்சைக் கொட்டை 830 கிராம் வாக்கில் நிற்கும். ஆக, வறுத்த கொட்டையின் அடக்கம் கிலோ 723 ரூபாய் ஆகிவிட்டது. கேஸ், கரண்ட், கூலி இதில் இல்லை. வறுத்த சிக்கரி கிலோ 150 ரூபாய் என்று வையுங்கள். 80க்கு 20 கலந்தால் ஒரு கிலோ தூளின் அடக்கம் 608 ரூபாய். அதையே 60க்கு 40 ஆக்கினால் 494 ரூபாய். கிலோவுக்கு 114 ரூபாய் மிச்சம். நிறம் இன்னும் கறுப்பாகும், டிகாஷன் இன்னும் கெட்டியாகத் தெரியும், பொட்டலத்தின் எடையில் ஒரு கிராமும் குறையாது. வாங்குபவர் சந்தோஷமாகப் போவார்.

பிப்ரவரி கடைசியில் ஒருநாள் எனக்கு வழக்கமாகச் சிக்கரி கொண்டுவரும் ஒருவர் கல்லாப் பக்கத்தில் உட்கார்ந்து இதைத்தான் சொன்னார். "அண்ணே, ஒரேயடியா ஏத்தாதீங்க. மாசம் ரெண்டு பர்சென்ட் ஏத்துங்க. நாக்கு பழகிக்கும். ஒருத்தருக்கும் தெரியாது." அவர் கெட்டவர் இல்லை. என் கடை நொடித்துவிடக் கூடாது என்ற அக்கறையில் சொன்னார். அந்த வாரம் நான் நட்டத்தில் விற்றுக்கொண்டிருந்தேன். அவர் சொன்னது மனசில் தங்கிவிட்டது என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

அன்று இரவு அரைக் கிலோ தூளை 70க்கு 30 கலந்து வீட்டுக்கு எடுத்துப்போனேன். அம்மாவிடம் ஒன்றும் சொல்லவில்லை. வீட்டு டப்பாவில் கொட்டி வைத்துவிட்டேன். அம்மாவுக்கு எண்பது வயது தாண்டிவிட்டது. காலையில் நான் எழுந்து வந்தபோது அவர் அடுப்படியில் பித்தளை ஃபில்டரின் மேல்பாத்திரத்தை இடுக்கியில் பிடித்து, அதன் அடித்தட்டை கேஸ் தீயில் காட்டிக்கொண்டிருந்தார். ஓட்டைகளில் தூள் அடைத்துக்கொண்டால் நம் வீடுகளில் அப்படித்தான் சுட்டு எடுப்போம். "என்னம்மா?" என்றேன். "அரைமணி நேரமா டிகாஷன் இறங்கலடா. சொட்டு சொட்டா நிக்குது. ஓட்டை அடைச்சுக்கிச்சு போலருக்கு" என்றார்.

ஓட்டையில் ஒன்றும் இல்லை. சிக்கரி ஒரு கிழங்கு வகை வேர். குஜராத்திலும் உத்தரப் பிரதேசத்திலும் விளைவது. காயவைத்து வறுத்து அரைத்த அந்த வேர் தண்ணீரை உறிஞ்சி ஊறிக்கொள்ளும். டிகாஷன் இறங்கத் தாமதமாவது அதனால்தான். பங்கு கூடினால் முதலில் காட்டிக்கொடுப்பது ஃபில்டர், நாக்கு பிறகுதான். அம்மா என்மேல் சந்தேகப்படவே இல்லை. நாற்பது வருஷமாகக் கையில் இருக்கும் ஃபில்டர்மேல் சந்தேகப்பட்டார். அந்தத் தட்டு தீயில் சிவப்பதைப் பார்த்துக்கொண்டு நின்றேன். நம்ம தூள் வாங்குகிற எத்தனை வீட்டில் எத்தனை பேர் இப்படித் தங்கள் ஃபில்டரையும் பாலையும் தங்கள் கைப்பக்குவத்தையும் குறை சொல்லிக்கொண்டு நிற்பார்கள் என்று தோன்றியது. அன்று பத்து மணிக்குக் கடையில் விலைப் பலகையை அழித்துப் புது விலை எழுதினேன். பங்கை மாற்றவில்லை.

சிக்கரியே கூடாது என்று நான் சொல்லவில்லை. அதைத் தவறாக எடுத்துக்கொள்ளக் கூடாது. சிக்கரி விஷம் இல்லை, அதில் காபியின் காஃபீனும் இல்லை. பாலும் சர்க்கரையும் சேர்த்துக் குடிக்கிற நம் ஊர்க் காபிக்குக் கொஞ்சம் சிக்கரி இருந்தால்தான் டிகாஷன் பாலில் கரைந்து காணாமல் போகாமல் நிற்கும். சில வீடுகளுக்கு 70க்கு 30 தான் பிடிக்கும். தலைமுறையாக அப்படியே கேட்டு வாங்குகிறார்கள். காபி பாதிக்கு மேல், 51 சதவீதமாவது இருக்க வேண்டும் என்பதும், காபி எவ்வளவு, சிக்கரி எவ்வளவு என்று பாக்கெட்டில் அச்சிட வேண்டும் என்பதும் சட்டம். ஆகவே 60க்கு 40 என்று எழுதி விற்பவர் ஒரு தப்பும் செய்யவில்லை. 80க்கு 20 என்று சொல்லிவிட்டு 60க்கு 40 கொடுப்பதுதான் திருட்டு.

அதனால் விலை ஏற்றிய கையோடு இன்னொன்றும் செய்தேன். 70க்கு 30 என்று தனியாக ஒரு டப்பா வைத்து, குறைந்த விலையில், வெளிப்படையாகப் பலகையில் எழுதினேன். மாதச் செலவு கட்டுப்படியாகாமல் அதற்கு மாறியவர்கள் இருக்கிறார்கள். பழைய கலவையையே வைத்துக்கொண்டு அரைக் கிலோவைக் கால் கிலோவாக்கியவர்கள் இருக்கிறார்கள். இரண்டும் நீங்கள் தெரிந்து எடுத்த முடிவு. மார்ச்சில் விற்பனை குறைந்தது; ஆடி தாண்டிய பிறகுதான் மெல்ல நிமிர்ந்தது. என்னை விட்டுப் போனவர்கள்மேல் வருத்தம் இல்லை. திரும்பி வந்தவர்களை மறக்க மாட்டேன்.

கண்ணெதிரே அரைத்துக் கொடுத்தாலும் சந்தேகம் வரலாம், வர வேண்டும். வீட்டிலேயே செய்கிற ஒரு சோதனை உண்டு. கண்ணாடி டம்ளரில் பச்சைத் தண்ணீர் எடுத்துக்கொள்ளுங்கள். வெந்நீர் வேண்டாம். அரை ஸ்பூன் தூளை மேலாகத் தூவுங்கள், கலக்காதீர்கள். காபித்தூளில் எண்ணெய்ப் பசை இருப்பதால் அது மேலேயே மிதக்கும். சிக்கரி சில நொடிகளில் இறங்கத் தொடங்கும். இறங்கும்போது பழுப்பாக ஒரு கோடு இழுத்துக்கொண்டே போகும். மழைநீர் சுவரில் வடிந்த தடம் மாதிரி இருக்கும். சிக்கரி இருக்கிறதா என்பதை இது சொல்லும், எத்தனை சதவீதம் என்பதைச் சொல்லாது. ரொம்ப நைசாக அரைத்த சுத்தக் காபியும் கொஞ்ச நேரம் போனால் இறங்கிவிடும். அதனால் ஒரே ஒரு டம்ளரை வைத்துத் தீர்ப்பு எழுதிவிடக் கூடாது. போன மாதத் தூளில் ஒரு ஸ்பூன் மிச்சம் வைத்திருந்து, பக்கத்துப் பக்கத்தில் இரண்டு டம்ளரில் தூவிப் பாருங்கள். கோடு முன்பைவிடச் சட்டென்று, அடர்த்தியாக இறங்கினால் கடைக்காரரிடம் கேளுங்கள். என்னிடமும் கேளுங்கள்.

இனி இரண்டாவது விஷயம். இதை எழுதத்தான் எனக்குக் கை தயங்குகிறது.

நவம்பர் மழை நம் ஊரில் எப்படி இருக்கும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. உப்பு ஜாடியில் தண்ணீர் கோக்கும், அப்பளம் வளையும். பச்சைக் காபிக் கொட்டையும் அப்படித்தான். நல்ல நிலையில் அதில் பத்திலிருந்து பன்னிரண்டு சதவீதம் ஈரம் இருக்கும். காற்றில் ஈரம் ஏறினால் அதுவும் குடித்துக்கொள்ளும். குடித்துவிட்டால் அதன் நீலப்பச்சை நிறம் வெளுக்கும், ஓரங்கள் வெள்ளையாகும், கொட்டை உப்பிக்கொள்ளும். பல்லில் வைத்துக் கடித்தால் நல்ல கொட்டை 'டக்'கென்று எதிர்க்கும். ஈரம் ஏறியது பல் பதிகிற மாதிரி அமுங்கும். இதெல்லாம் அப்பா எனக்குப் பத்து வயதிலேயே சொல்லிக்கொடுத்தது.

விலை இன்னும் ஏறிவிடுமோ என்ற பயத்தில் இந்தத் தடவை அக்டோபரிலேயே வழக்கத்தைவிட அதிகமாக மூட்டை வாங்கிப் போட்டேன். கிடங்கில் இடம் போதவில்லை. இரண்டு மூட்டையைப் பின்சுவரோரம் தரையோடு சாத்தினோம். அந்தச் சுவரில் மழைக்காலத்தில் ஓதம் ஏறும் என்பது எனக்குத் தெரியும். இரண்டு வாரம்தானே என்று விட்டேன்.

நம்ம டிரம்மில் ஒரு ஈடுக்குப் பத்து கிலோ போடுவோம். வறுத்து, ஆறவைத்து நிறுத்தால் எட்டே கால், எட்டே முக்காலுக்கு நடுவில் நிற்கும். பெரும்பாலும் 8 கிலோ 300. நவம்பரில் ஒரு செவ்வாய்க்கிழமை 7 கிலோ 950 நின்றது. வறுவல் பார்க்கும் தம்பி வந்து, "அண்ணே, எடை குறையுது. வெடிக்கவும் நேரமாச்சு" என்றார். கொட்டை சூடேறி ஒரு கட்டத்தில் சோளப்பொரி மாதிரி படபடவென்று வெடிக்கும். அந்தச் சத்தத்தை வைத்துத்தான் பதம் பார்ப்போம். உள்ளே தண்ணீர் கூடுதலாக இருந்தால், அந்தத் தண்ணீர் போகும்வரை சூடு ஏறாது, வெடிப்பு தள்ளிப்போகும். எடையும் தண்ணீராகவே போய்விடும். இரண்டு அடையாளமும் ஒன்றாக வந்து கதவைத் தட்டின. நான் தராசைத் துடைத்து வைக்கச் சொன்னேன். தராசுமேல் பழி போட்டுவிட்டு அடுத்த ஈடு போடச் சொல்லிவிட்டேன். நான்கு நாளில் ஆறு ஈடு போயிற்று.

சனிக்கிழமை காலை பட்டமங்கலத் தெருப் பக்கமிருந்து ஒரு டீச்சர் வந்தார்கள். ஓய்வு பெற்றவர்கள், அப்பா காலத்திலிருந்து நம்ம கடைதான். குடையை மடக்கி வாசலில் வைத்துவிட்டு, பையிலிருந்து தூள் பொட்டலத்தை எடுத்தார்கள். அதோடு ஒரு சின்ன ஃபிளாஸ்க்கும் எடுத்தார்கள். "தம்பி, நான் எதுவும் சொல்லப் போறதில்ல. நீங்களே குடிச்சுப் பாருங்க" என்றார்கள். ஃபிளாஸ்க்கில் பால் கலக்காத டிகாஷன். மூடியில் ஊற்றி வாயருகே கொண்டுபோனதுமே தெரிந்துவிட்டது. நனைந்த சாக்கு வாசனை. மழையில் நனைந்த கோணியை மூடிய அறைக்குள் காயப்போட்டால் வருமே, அதே வாசனை. கசப்பும் முழுசாக இல்லை. சப்பென்று ஆரம்பித்து நாக்கின் ஓரத்தில் மண்ணாக முடிந்தது.

நேரே பின்னால் போய் அந்த மூட்டையைப் பிரித்து உள்ளே கைவிட்டேன். சுவரைத் தொட்டிருந்த பக்கம் கொட்டை சில்லென்று இருந்தது. கையில் அள்ளிப் பார்த்தால் பாதிக்குப் பாதி வெளுத்திருந்தது. சிலவற்றில் லேசாகப் பூஞ்சைத் தூசி. டீச்சர் பின்னாலேயே வந்து நின்று பார்த்தார்கள். ஒரு வார்த்தை கடிந்து பேசவில்லை. "மத்தவங்களுக்கும் போயிருக்குமே, தம்பி?" என்று மட்டும் கேட்டார்கள்.

இன்னும் கொஞ்சம் கருக வறுத்து, சிக்கரியையும் கூட்டினால் அந்த வாசனையை மூடிவிடலாம். தொழிலில் இருக்கிற யாருக்கும் அது தெரியும். ஆனால் பூஞ்சை பிடித்த கொட்டையில் வாசனை மட்டும் பிரச்சினை இல்லை. பூஞ்சை விட்டுப்போகிற நச்சு வறுவலில் முழுசாக அழிவதில்லை. அதனால் மீதிக் கொட்டையையும் அரைத்து வைத்திருந்த தூளையும் ஊருக்கு வெளியே ஒரு வாழைத் தோப்பில் குழி தோண்டிப் போட்டோம்.

பில் புத்தகத்தையும் கணக்கு நோட்டையும் எடுத்துக்கொண்டு உட்கார்ந்தோம். அந்த நான்கு நாளில் 117 வீடுகளுக்குத் தூள் போயிருந்தது. போன் நம்பர் இருந்தவர்களைக் கூப்பிட்டோம். இல்லாதவர்கள் வீட்டுக்குத் தம்பி மழையில் சைக்கிளில் போனார். பழைய தூளை வாங்கிக்கொண்டு, தெரிந்த ஒரு கடையில் நல்ல கொட்டை வாங்கி வறுத்த புதுத் தூள் கொடுத்தோம். பணமாகக் கேட்டவர்களுக்குப் பணம் கொடுத்தோம். முக்கால்வாசித் தூளைக் காலி செய்துவிட்டவர்களும் இருந்தார்கள். அவர்களுக்கும் முழுப் பொட்டலம்தான். போனில் பேசியபோது பலர் சொன்ன ஒரு விஷயம் என்னைத் தூங்கவிடவில்லை. "பால் சரியில்லையோன்னு நெனச்சோம்", "ஃபில்டரை நல்லாக் கழுவலையோன்னு நெனச்சோம்", "மருமக புதுசு, அளவு தெரியலைன்னு நெனச்சோம்." அம்மா அடுப்பில் ஃபில்டரைச் சுட்டதுதான் ஞாபகம் வந்தது. தப்பு என்னிடம் இருக்க, நீங்கள் அதை உங்கள் அடுப்படியில் தேடியிருக்கிறீர்கள்.

அதற்காக எல்லோரிடமும் மன்னிப்புக் கேட்கிறேன். அந்தப் புது மருமகளிடம் தனியாகக் கேட்கிறேன்.

அதன் பிறகு கிடங்கில் சில ஏற்பாடுகள் செய்திருக்கிறோம். மூட்டைகள் இப்போது மரச்சட்டத்தின்மேல், சுவரிலிருந்து ஒரு முழம் தள்ளி நிற்கின்றன. சாக்குக்குள் தடித்த பிளாஸ்டிக் பை போட்டுக் கட்டுகிறோம். ஐப்பசியிலிருந்து மார்கழி வரை மூன்று வாரத் தேவைக்கு மேல் கொட்டை வாங்கி வைப்பதில்லை. விலை ஏறினால் ஏறட்டும். ஒவ்வொரு ஈடுக்கும் போட்ட எடை, எடுத்த எடை, வெடிப்பு கேட்ட நிமிடம் மூன்றையும் தம்பி ஒரு நோட்டில் எழுதுகிறார். எடை 8 கிலோ 100க்குக் கீழே இறங்கினால் அந்த ஈடு விற்பனைக்குப் போகாது. முதலில் டிகாஷன் போட்டுக் குடித்துப் பார்ப்போம். நோட்டு கல்லா மேசையிலேயே இருக்கிறது. யார் வேண்டுமானாலும் எடுத்துப் புரட்டலாம்.

பொட்டலத்திலும் ஒரு மாற்றம் பார்ப்பீர்கள். எந்தக் கலவை, என்றைக்கு வறுத்தது, என்றைக்கு அரைத்தது என்று மூன்று வரி முத்திரை குத்துகிறோம். வறுத்த தேதிக்கும் அரைத்த தேதிக்கும் நடுவில் ஒருநாள் இருந்தால் சந்தேகப்பட வேண்டாம். வறுத்த கொட்டையிலிருந்து காற்று வெளியேறிக்கொண்டே இருக்கும். ஒரு ராத்திரி ஆறவிட்டால் டிகாஷன் நிதானமாக இறங்கும். ஆனால் அரைத்த தேதியிலிருந்து நீங்கள் வாங்கும் தேதி இரண்டு நாளுக்கு மேல் தள்ளியிருந்தால் வாங்காதீர்கள். அரைத்த தூள் வீட்டில் பத்துப் பதினைந்து நாளில் பாதி மணத்தை விட்டுவிடும். ஆகவே ஒரு கிலோ வாங்கி மாதம் முழுக்க வைத்துக்கொள்வதைவிட, கால் கிலோவாக நான்கு தடவை வாங்குங்கள். நூறு கிராம் கேட்டாலும் முகம் சுளிக்காமல் அரைத்துக் கொடுக்கும்படி கடையில் எல்லோருக்கும் சொல்லியிருக்கிறேன். ஃபிரிட்ஜில் வைக்க வேண்டாம். வெளியே எடுக்கும்போதெல்லாம் தூளில் நீர் கோக்கும், சாம்பார் வாசனையும் ஏறிக்கொள்ளும். அடுப்புக்குத் தள்ளி, இறுக்கமாக மூடிய எவர்சில்வர் டப்பா போதும்.

வரப்போகும் விலையைப் பற்றியும் கேட்கிறீர்கள். தெரிந்ததை மட்டும் சொல்கிறேன். அராபிகா அறுவடை இந்த மாதத்தோடு பெரும்பாலும் முடியும், ரோபஸ்டா தொடங்கிவிட்டது. புது வரத்துக் கொட்டை காய்ந்து, தோல் நீங்கி, தரம் பிரித்து நம்ம கடைக்கு வரப் பிப்ரவரி, மார்ச் ஆகும். அதுவரை வறுப்பது பழைய வரத்துக் கொட்டைதான். எனவே பிப்ரவரி முடியும்வரை விலை மாறாது, ஏறவும் ஏறாது இறங்கவும் இறங்காது. மார்ச்சில் எனக்குக் குறைந்த விலைக்குக் கிடைத்தால் அந்த வாரமே பலகையில் குறைத்து எழுதுவேன். ஏற்றியபோது ஒரே நாளில் ஏற்றினேன், இறக்கும்போதும் அப்படியே செய்வதுதான் முறை.

உங்களிடம் எனக்கு ஒரு வேண்டுகோள் இருக்கிறது. டிகாஷன் இறங்கவில்லை, மணம் இல்லை, கசப்பு மாறிவிட்டது என்று எப்போது தோன்றினாலும் உங்கள் பாலையும் ஃபில்டரையும் வீட்டு மனுஷர்களையும் சந்தேகப்படுவதற்கு முன்னால் என்னைச் சந்தேகப்படுங்கள். டீச்சர் செய்தது போல ஒரு ஃபிளாஸ்க்கில் டிகாஷனை ஊற்றி எடுத்துவாருங்கள். பொட்டலத்தைப் பிரித்துவிட்டோமே, பாதி தீர்ந்துவிட்டதே என்று கூச்சப்பட வேண்டாம். அந்த 117 வீடுகளில் ஒரே ஒரு வீட்டிலிருந்துதான் என்னிடம் வந்து சொன்னார்கள். அவர்கள் வரவில்லையென்றால் மீதி மூட்டையையும் நான் வறுத்து விற்றிருப்பேன்.

பொங்கலன்றும் மாட்டுப் பொங்கலன்றும் கடை விடுமுறை. தேவையானதை முன்னாடியே வாங்கிவிடுங்கள். டப்பா கொண்டுவருகிறவர்கள் முதல் நாளே அதைக் கழுவி, ஈரம் துளியும் இல்லாமல் வெயிலில் காயவைத்து எடுத்துவாருங்கள்.

இப்படிக்கு,
உங்கள் காபிக் கடைக்காரன்
மயிலாடுதுறை